மதில் மேல் மின்னழுத்தம்

ஃபிளிப் ஃபிளாப் என்பது ஒரே ஒரு பிட்டை, அதாவது 0 அல்லது 1 என்ற ஒற்றைத் தகவலை, நினைவில் வைத்துக்கொள்ளும் சின்னஞ்சிறு மின்சுற்று. கைபேசியானாலும் சலவை இயந்திரமானாலும், உள்ளே இருக்கும் சிப்பில் இவை ஆயிரக்கணக்கிலோ கோடிக்கணக்கிலோ இருக்கும். அதிகம் புழங்கும் ‘டி’ வகை ஃபிளிப் ஃபிளாப்புக்கு முக்கியமான உள்வாயில்கள் இரண்டு. ஒன்றில் தரவு வருகிறது. மற்றொன்றில் க்ளாக் எனப்படும் சீரான துடிப்பு வருகிறது. க்ளாக் தாழ்விலிருந்து உயர்வுக்கு எழும் கணத்தில் தரவு வாயிலில் இருப்பதைப் பிடித்து, அடுத்த எழுச்சி வரை வெளிவாயிலில் காட்டிக்கொண்டிருப்பதே இதன் வேலை. இடையில் தரவு எத்தனை முறை மாறினாலும் இது கண்டுகொள்ளாது.

‘எழும் கணத்தில்’ என்று சொல்வது எளிது. ஆனால் எந்த மின்சுற்றுக்கும் கணம் என்பது ஒரு புள்ளி அல்ல; அதற்கு ஓர் அகலம் உண்டு. பல ஆண்டுகளாகக் கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் கையாண்டுவரும் 74LS74 என்ற சிப்பின் விவரத்தாளில் அந்த அகலம் எண்களாகவே அச்சிடப்பட்டிருக்கிறது. க்ளாக் எழுவதற்கு 20 நானோ விநாடி முன்பே தரவு வந்து அசையாமல் நிற்க வேண்டும். எழுந்த பிறகும் 5 நானோ விநாடி அப்படியே நிற்க வேண்டும். முன்னதற்கு செட்டப் டைம் என்றும் பின்னதற்கு ஹோல்டு டைம் என்றும் பெயர். ஒரு நானோ விநாடி என்பது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. இன்றைய சிப்புகளில் இந்தக் கெடுக்கள் நானோ விநாடியின் சிறு பின்னங்களாகச் சுருங்கிவிட்டன. ஆனால் பூஜ்யம் ஆகிவிடவில்லை.

ஏன் ஆகாது என்பது உள்ளே எட்டிப் பார்த்தால் தெரியும். ஃபிளிப் ஃபிளாப்பின் நினைவு இரண்டு இன்வெர்ட்டர்களில் இருக்கிறது. மின்வெட்டுக்காக வீட்டில் வாங்கி வைக்கும் இன்வெர்ட்டர் அல்ல. 0 வந்தால் 1 என்றும், 1 வந்தால் 0 என்றும் திருப்பிச் சொல்லும் சிறிய மின்சுற்று. ஒன்றின் வெளிவாயிலை மற்றொன்றின் உள்வாயிலோடு இணைத்து வளையமாக்கினால், ஒன்று 0 என்பதால் மற்றது 1, மற்றது 1 என்பதால் இது 0 என்று இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப்பிடித்துக்கொள்ளும். இந்த வளையத்துக்கு லாட்ச் என்று பெயர். ஒரு ஃபிளிப் ஃபிளாப்பில் இப்படிப்பட்ட லாட்ச் இரண்டு, முன்னும் பின்னுமாக இருக்கின்றன. க்ளாக் தாழ்ந்திருக்கும்போது முதல் லாட்சின் கதவு திறந்திருக்கும். தரவு உள்ளே வந்துபோகலாம். க்ளாக் எழும்போது கதவு மூடி, வளையம் பூட்டிக்கொள்ளும். அதே வேளையில் இரண்டாவது லாட்சின் கதவு திறந்து, பூட்டப்பட்ட மதிப்பை வெளியே கொடுக்கும்.

கதவைத் தாண்டி வந்த தரவு இரண்டு இன்வெர்ட்டர்களையும் சுற்றி வந்து தன் வாலைத் தானே பிடிக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். சுற்றி முடிப்பதற்குள் கதவு மூடினால் வளையத்தின் ஒரு பாதியில் புதிய மதிப்பும் மறு பாதியில் பழைய மதிப்பும் மாட்டிக்கொள்ளும். செட்டப் டைம் என்பது இந்தச் சுற்றுக்கான நேரம். கதவும் க்ளாக் எழுந்த உடனே மூடிவிடுவதில்லை. க்ளாக் சிக்னல் உள்ளேயே ஓரிரு படிகளைக் கடந்துதான் கதவை அடைகிறது. கதவு மூடுவதற்கும் நேரம் பிடிக்கிறது. அதற்குள் தரவு மாறினால் புதிய மதிப்பு இடுக்கு வழியாக உள்ளே கசிந்துவிடும். ஹோல்டு டைம் அந்தக் கசிவைத் தடுப்பதற்கான காவல்.

இந்தக் கெடுக்கள் மீறப்படுவது இரண்டு விதமான இடங்களில். முதலாவது, ஒரே க்ளாக்குக்குக் கட்டுப்பட்ட மின்சுற்றுக்குள். ஒரு ஃபிளிப் ஃபிளாப்பிலிருந்து புறப்படும் தரவு, நடுவில் இருக்கும் கூட்டல், ஒப்பீடு போன்ற வேலைகளையெல்லாம் கடந்து, அடுத்த ஃபிளிப் ஃபிளாப்பை அடுத்த எழுச்சிக்குச் சற்று முன்பே அடைய வேண்டும். க்ளாக் 10 நானோ விநாடிக்கு ஒருமுறை எழுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். புறப்பட 0.5, வழியில் 9.2, அங்கே செட்டப் 0.4 என்றால் மொத்தம் 10.1 ஆகிவிடும். 0.1 நானோ விநாடி தாமதம், செட்டப் மீறல். இப்படிப்பட்ட சிப் குளிர்ந்திருக்கும்போது ஓடும், சூடேறியதும் தவறும். க்ளாக்கைக் கொஞ்சம் மெதுவாக்கினால் மறுபடி சரியாகிவிடும். பழுது செட்டப் பக்கம் என்பதற்குப் பொறியாளர்கள் முதலில் பார்க்கும் அடையாளம் இதுதான்.

ஹோல்டு மீறல் இதற்கு நேர்மாறு. இங்கே தரவு தாமதமாக வருவதில்லை, அவசரப்பட்டு வருகிறது. இரண்டு ஃபிளிப் ஃபிளாப்புகளுக்கு நடுவில் வேலை எதுவும் இல்லாமல் நேர்க்கம்பி மட்டும் இருந்து, இரண்டாவதற்கு மட்டும் க்ளாக் சற்றுப் பிந்திப் போய்ச் சேர்ந்தால், முதலாவது வெளியிட்ட புதிய மதிப்பு இரண்டாவதன் கதவு மூடுவதற்குள் நுழைந்துவிடும். போன எழுச்சியின் மதிப்பைப் பிடிக்க வேண்டிய இடத்தில் இந்த எழுச்சியின் மதிப்பு உட்கார்ந்துவிடும். க்ளாக்கை எவ்வளவு மெதுவாக்கினாலும் இது தீராது. ஏனென்றால் பந்தயம் அடுத்த எழுச்சியோடு அல்ல, இதே எழுச்சியோடு. வடிவமைப்பின்போதே கம்பியின் நடுவில் வேண்டுமென்றே தாமதம் சேர்த்துத்தான் தீர்க்க முடியும். செட்டப் பிழையோடு தயாராகி வந்த சிப்பை மெதுவான சிப்பாக விற்றுவிடலாம். ஹோல்டு பிழையோடு வந்ததைப் பெரும்பாலும் குப்பையில்தான் போட வேண்டும்.

நல்ல வேளையாக, ஒரே க்ளாக்குக்குள் நடக்கும் இந்த இரண்டு மீறல்களையும் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். சிப்பில் இருக்கும் ஒவ்வொரு பாதையின் நேரத்தையும் கூட்டிப் பார்க்கும் மென்பொருள்கள் உண்டு. அவை பச்சைக்கொடி காட்டாமல் எந்தச் சிப்பும் ஆலைக்குப் போவதில்லை. கணக்கால் தடுக்க முடியாத மீறல் இரண்டாவது இடத்தில் நடக்கிறது. வெளியிலிருந்து, இந்த க்ளாக்கைப் பற்றி எதுவும் அறியாமல் வரும் சிக்னல் அது: விரல் அழுத்தும் பொத்தான், சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் சென்சார், தனக்கென வேறொரு க்ளாக் வைத்திருக்கும் இன்னொரு சிப். அழைப்பு மணி அடிக்கும் விருந்தாளி வீட்டுக்காரரின் உறக்க நேரத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அதுபோல இந்தச் சிக்னல் என்றாவது ஒரு நாள் கெடுவுக்குள் வந்து மாறியே தீரும்.

அப்படி மாறினால் என்ன ஆகும் என்பதில் ஒரு பரவலான குழப்பம் உண்டு. கெடு மீறப்பட்டதும் ஃபிளிப் ஃபிளாப் தடுமாறிவிடும் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி ஒன்றும் ஆவதில்லை. விவரத்தாளில் இருக்கும் கெடு, எந்தச் சூட்டிலும் எந்த மின்னழுத்தத்திலும் தவறாமலிருக்க உற்பத்தியாளர் தாராளமாக வைத்த எல்லை. அதற்குள் தரவு மாறினாலும் ஃபிளிப் ஃபிளாப் பழைய மதிப்பையோ புதிய மதிப்பையோ சுத்தமாகப் பிடித்துக்கொண்டு போய்விடும்; எதைப் பிடிக்கும் என்பதற்குத்தான் உத்தரவாதம் கிடையாது. அந்த எல்லைக்குள்ளேயே மயிரிழை போன்ற ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. தரவின் மாற்றம் அதில் விழுந்தால்தான் மெட்டாஸ்டெபிலிட்டி என்ற விசித்திர நிலை வருகிறது.

வளையத்தின் இரண்டு பாதிகளிலும் பழையதும் புதியதும் ஏறக்குறைய சமபலத்தோடு இருக்கும்போது கதவு மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வளையத்துக்குள் இருக்கும் மின்னழுத்தம் 0-வும் அல்ல, 1-ம் அல்ல, நடுவில் எங்கேயோ. மதில் மேல் பூனை என்று தமிழில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஒரே ஒரு வேற்றுமை: மதில் மேல் பூனை வசதியாக உட்கார்ந்துகொள்ளும். இந்த மின்னழுத்தத்துக்கு உட்கார இடமில்லை. கூரை முகட்டில் வைத்த கோலிக்குண்டு போல, எந்தப் பக்கம் ஒரு துளி சாய்ந்திருந்தாலும் அந்தப் பக்கமே உருளத் தொடங்கிவிடும். சாய்வு கூடக் கூட வேகமும் கூடும், ஏனென்றால் ஒரு இன்வெர்ட்டரின் சிறு சாய்வை மற்றது பெருக்கித் திருப்பித் தள்ளுகிறது.

இந்தப் பெருக்கம் கந்துவட்டி வளர்வது போல வளர்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை சாய்வு இரட்டிப்பாகும். அந்த வேகத்தைக் குறிக்கப் பொறியாளர்கள் τ (டௌ) என்ற எழுத்தைப் பயன்படுத்துகிறார்கள். கொஞ்சம் பழைய தலைமுறைச் சிப் ஒன்றில் இது 0.2 நானோ விநாடி என்று கொண்டால், சாய்வு ஏறக்குறைய 0.14 நானோ விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். முகட்டிலிருந்து ஒரு மில்லிவோல்ட் விலகித் தொடங்கினால், ஒரு வோல்ட் விலகிச் சுத்தமான 0 அல்லது 1 பக்கம் போய்ச் சேர சுமார் 1.4 நானோ விநாடி ஆகும். அதைவிட ஆயிரம் மடங்கு நெருக்கமாக, ஒரு மைக்ரோவோல்ட் விலகித் தொடங்கினால் சுமார் 2.8 நானோ விநாடி. தொடக்கம் முகட்டுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நேரம் தடுமாறும். மிகச் சரியாக முகட்டின் உச்சியிலேயே தொடங்கினால் எவ்வளவு நேரம் என்று கேட்டால், கணிதத்தின் பதில் ‘வரம்பே இல்லை’ என்பதுதான். நடைமுறையில் மின்சுற்றின் இரைச்சலே எந்தப் பக்கமாவது தட்டிவிட்டுவிடும். ஆனால் எப்போது என்பதற்கு மேல்வரம்பு சொல்ல முடியாது.

தடுமாறும் காலத்தில் வெளிவாயிலில் என்ன தெரியும் என்பது சிப்பின் வகையைப் பொறுத்தது. சிலவற்றில் மின்னழுத்தம் நடுவில் தொங்கும். சிலவற்றில் மேலும் கீழும் அலையும். இன்னும் சிலவற்றில், வெளியே பார்ப்பவருக்கு எதுவும் விசித்திரமாகத் தெரியாது. வழக்கமான நேரத்துக்கு வர வேண்டிய மாற்றம் தாமதமாக வரும், அவ்வளவுதான். அந்தத் தாமதமே போதும் கேடு விளைய. அந்த வெளிவாயிலை இரண்டு இடங்கள் படிக்கின்றன என்றால், கம்பி குட்டையான இடம் 0 என்றும் நீளமான இடம் 1 என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே சேதியை இரண்டு பேர் எதிரெதிராகக் கேட்டுக்கொண்டு போவது போல. அதன் பிறகு எண்ணும் கருவி ஒரு எண்ணைத் தாண்டிப் போகும். கட்டுப்பாட்டுச் சுற்று வடிவமைத்தவர் நினைத்தே பாராத நிலையில் போய் நின்றுவிடும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், தடயம் மிஞ்சாது.

இப்படித் தடயமில்லாமல் மறைந்ததால்தான் இதை நம்பவைப்பதற்கே வெகு காலம் பிடித்தது. 1960-களிலேயே சிலர் எச்சரித்திருந்தார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் சேனியும் சார்லஸ் மோல்னாரும் 1973-இல் வெளியிட்ட கட்டுரை, ஆசிலோஸ்கோப் திரையில் பதிவான தடுமாற்றத்தையே கண்ணெதிரில் வைத்தது. அந்தச் சோதனையை இன்றும் ஆய்வகத்தில் செய்து பார்க்கலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு அலைமூலங்கள் வேண்டும். அவற்றின் அதிர்வெண்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து மிகச் சிறிதளவு மட்டும் வேறுபட வேண்டும். ஒன்றை க்ளாக்குக்கும் மற்றொன்றைத் தரவுக்கும் கொடுத்தால், தரவின் மாற்றம் க்ளாக் எழுச்சியின் மீது மெல்ல ஊர்ந்து கடந்துகொண்டே இருக்கும். பழைய கோடுகளை அழிக்காமல் சேர்த்து வைக்கும்படி ஆசிலோஸ்கோப்பை அமைத்தால், வழக்கமான மாற்றங்கள் ஓரிடத்தில் அடர்த்தியாகப் படிந்து, அவற்றின் வலப்புறம் தாமதமான மாற்றங்கள் வால் போல நீளும். பார்த்துக்கொண்டே இருந்தால் வால் மெல்ல நீண்டுகொண்டே போகும்.

இந்த வாலை அளந்துதான் எத்தனை நாளுக்கு ஒருமுறை பழுது வரும் என்று கணிக்கிறார்கள். அதற்கான சூத்திரம் ஒரே வரி:

```
MTBF = e^(t/τ) / (Tw × fc × fd)
```

MTBF என்பது ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையிலான சராசரிக் காலம். Tw அந்த மயிரிழை இடைவெளியின் அகலம். fc க்ளாக்கின் வேகம். fd தரவு மாறும் வேகம். t என்பது தடுமாற்றம் தீர்வதற்காகக் கொடுக்கப்படும் அவகாசம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் சூத்திரத்தின் குணம் பிடிபடும். க்ளாக் 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது 10 நானோ விநாடிக்கு ஒரு எழுச்சி. வெளியிலிருந்து வரும் சிக்னல் விநாடிக்கு 10 லட்சம் முறை மாறுகிறது. இடைவெளி 0.1 நானோ விநாடி. τ முன்போலவே 0.2. பத்தில் 0.1 என்பது நூற்றில் ஒரு பங்கு. எனவே சிக்னலின் மாற்றங்களில் நூற்றுக்கு ஒன்று, அதாவது விநாடிக்கு 10,000, அபாய இடைவெளியில் விழுகின்றன. இவ்வளவு அடிக்கடி நடக்கும் ஒன்றைத்தான் ‘அபூர்வம்’ என்று தள்ளிவிடப் பார்த்தார்கள்.

இனி அவகாசம். ஃபிளிப் ஃபிளாப்பின் வெளிவாயிலை நேராக ஒரு கணக்கு வேலைக்குக் கொடுத்து, அந்த வேலைக்கு 7 நானோ விநாடி செலவாகிறது, புறப்பாட்டுக்கும் செட்டப்புக்கும் இன்னும் 1 போகிறது என்றால், பத்தில் மிச்சம் 2. அதற்குள் தீராத தடுமாற்றம் பழுதாகிவிடும். சூத்திரத்தில் போட்டால் விடை 2.2 விநாடி. கருவி இரண்டு விநாடிக்கு ஒருமுறை தவறிக்கொண்டிருக்கும். கணக்கு வேலையை 5 நானோ விநாடிக்குக் குறைத்தால் அவகாசம் 4 ஆகும். பழுது சுமார் 13 மணி நேரத்துக்கு ஒருமுறை. மேசையில் வைத்து ஒரு மணி நேரம் சோதித்துத் திருப்தியோடு அனுப்பிவிட்டு, வாடிக்கையாளரிடம் தினமும் திட்டு வாங்குவதற்கு ஏற்ற எண் இது.

கணக்கு வேலையே இல்லாமல், முதல் ஃபிளிப் ஃபிளாப்பின் வெளிவாயிலை நேராக இரண்டாவது ஃபிளிப் ஃபிளாப்புக்குக் கொடுத்துவிட்டால் என்ன? அவகாசம் 9 நானோ விநாடி. விடை சுமார் 11 கோடி ஆண்டு. கூடுதலாக வைத்த ஒரு ஃபிளிப் ஃபிளாப் செய்தது இவ்வளவுதான்: ஒரு க்ளாக் சுற்று சும்மா காத்திருந்தது. இதற்கு இரட்டை ஃபிளிப் ஃபிளாப் சிங்க்ரோனைசர் என்று பெயர். வெளிச் சிக்னலை உள்ளே எடுக்கும் இடங்களில் மிகப் பரவலாக உட்கார்ந்திருப்பது இதுதான். இதற்குக் கொடுக்கும் விலை ஓரிரு சுற்றுத் தாமதம். அபாய இடைவெளியில் வந்த மாற்றத்துக்கு முதலாவது எந்தப் பக்கம் விழும் என்று தெரியாது. இந்தச் சுற்றில் தவறவிட்டால் அடுத்த சுற்றில் பிடித்துவிடும். ஆனால் விழுந்த பக்கத்தை எல்லோரும் ஒன்றாகவே பார்ப்பார்கள். தேவைப்பட்டது அதுதான்.

11 கோடி ஆண்டு என்று கேட்டதும் நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. அதே கருவி 10 லட்சம் விற்றால், அவற்றில் ஏதோ ஒன்றில் 110 ஆண்டுக்கு ஒரு பழுது, இது பரவாயில்லை. அடுத்த மாடலில் க்ளாக்கை இரட்டிப்பாக்கி 200 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால்தான் சூத்திரத்தின் மறுமுகம் தெரியும். சுற்று 5 நானோ விநாடி. வழக்கமான 1 போக அவகாசம் 4. விடை 6.7 மணி நேரம். மின்சுற்றில் ஒரு கம்பி கூட மாறவில்லை. வேகம் இரண்டே மடங்கு கூடியது. 11 கோடி ஆண்டு ஒரு பகல் பொழுதுக்குள் சுருங்கிவிட்டது. அவகாசம் அடுக்கில் இருப்பதால் அது பாதியானால் விடை பாதியாவதில்லை, சரிந்துவிடுகிறது. மூன்றாவது ஃபிளிப் ஃபிளாப் ஒன்றைச் சேர்த்தால் அவகாசம் 8 ஆகி, விடை மறுபடி 3.7 லட்சம் ஆண்டுக்கு ஏறும். வேகமான சிப்புகளில் மூன்று வைப்பதற்குக் காரணம் இதுதான். புதிய தலைமுறைச் சிப்புகளில் τ-வும் வெகுவாகக் குறைந்திருப்பது உதவுகிறது. ஆனால் பேட்டரியை மிச்சப்படுத்த மின்னழுத்தத்தைக் குறைத்தால் இன்வெர்ட்டர்களின் தள்ளும் பலம் குறைந்து τ மறுபடி ஏறிவிடும்.

தடுமாற்றத்தையே அடியோடு ஒழிக்கும் மின்சுற்றைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னவர்களுக்கும் குறைவில்லை. நடு மின்னழுத்தத்தைக் கண்டறிந்து மறைக்கும் சுற்று, தடுமாறினால் ஒரு பக்கமாகத் தள்ளிவிடும் சுற்று என்று பல யோசனைகள் வந்தன. நித்திய இயக்க இயந்திரத்தைப் போலத்தான் அவற்றின் கதையும். ‘இது நடுவில் இருக்கிறதா, இல்லையா’ என்று கண்டறிவதும் ஒரு முடிவு. அந்த முடிவுக்கும் ஒரு முகடு உண்டு. மாற்றம் சற்று முன்னால் வந்தால் 1, சற்றுப் பின்னால் வந்தால் 0 என்று இருக்கும் எந்தச் சுற்றிலும், முன்னிலிருந்து பின்னுக்கு நேரம் தொடர்ச்சியாக நகரும்போது நடுவில் ஒரு புள்ளியைக் கடந்தே ஆக வேண்டும். கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் இதையே ஒரு பொது விதியாக எழுதினார்: தொடர்ச்சியான உள்ளீட்டைக் கொண்டு குறித்த கெடுவுக்குள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எதனாலும் முடியாது. சம தூரத்தில் இருக்கும் இரண்டு வைக்கோல் கட்டுகளுக்கு நடுவில் எதைத் தின்பது என்று முடிவெடுக்க முடியாமல் பட்டினி கிடந்த ஐரோப்பியக் கதைக் கழுதையின் பெயரைத்தான் அந்த விதிக்கு அவர் வைத்தார்.

சிங்க்ரோனைசரை வைத்த பிறகும் தவறு செய்ய வழிகள் உண்டு. இஸ்ரேலியப் பொறியாளர் ரான் கினோசர் 2003-இல் அப்படிப்பட்ட 14 வழிகளை ஒரு கட்டுரையில் தொகுத்தார். அடிக்கடி நேர்வது, பல பிட்டுகள் கொண்ட எண் ஒன்றின் ஒவ்வொரு பிட்டுக்கும் தனித்தனியே சிங்க்ரோனைசர் வைப்பது. எண் 7-லிருந்து 8-க்கு மாறும்போது இரும எண்முறையில் 0111 என்பது 1000 ஆகிறது. நான்கு பிட்டும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. அந்த நேரத்தில் க்ளாக் எழுந்தால் ஒவ்வொரு பிட்டும் தன் போக்கில் பழையதையோ புதியதையோ எடுத்துக்கொள்ளும். மறுபக்கத்தில் 7-ம் வராமல் 8-ம் வராமல் 15 வரலாம், 0 கூட வரலாம். எந்த ஃபிளிப் ஃபிளாப்பும் தடுமாறவில்லை, எல்லாம் விதிப்படிதான் நடந்தது; எண் மட்டும் தவறு. ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு பிட் மட்டும் மாறும்படி அமைந்த கிரே குறிமுறையில் எண்ணை அனுப்பினால், மறுபக்கம் பழைய எண்ணையோ புதிய எண்ணையோதான் பார்க்கும். எண் படிப்படியாக ஏறாமல் தாவித் தாவி மாறக்கூடியது என்றால் கிரே உதவாது. அப்போது தரவை அசையாமல் நிறுத்திவைத்து, ‘எடுத்துக்கொள்ளலாம்’ என்ற ஒற்றைச் சிக்னலை மட்டும் சிங்க்ரோனைசர் வழியே அனுப்பி, மறுபக்கத்திலிருந்து ‘எடுத்தாகிவிட்டது’ என்ற பதில் அதே முறையில் திரும்பி வரும் வரை அடுத்த தரவைத் தொடாமல் இருக்கிறார்கள்.